பயன்பாட்டுச் சார்பிலிருந்து தேவைக் கோடு வரை: x²y-ஐ வைத்து ஒரு முழுக் கணக்கு

நுண்ணியல் பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரே காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பயன்பாட்டுச் சார்பு, விலைகள், பணம் எல்லாம் கொடுத்தால், மாணவர் வேகமாகப் போட்டு "x = 40" என்று முடித்துவிடுவார். சரியான விடைதான். "சரி, இதில் தேவைக் கோடு எங்கே?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும்.

40 என்பது தேவைக் கோட்டில் உள்ள ஒரு புள்ளி. கோடு முழுவதும் வேண்டுமென்றால் விலையை எண்ணாக மாற்றாமல் கடைசி வரை எழுத்தாகவே வைத்திருக்க வேண்டும். கீழே முதலில் எண்களை வைத்து ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கிறோம், அப்புறம் அதே கணக்கை எழுத்தில் செய்கிறோம். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் தடுமாறுவதில்லை.

## 1. கையில் இருக்க வேண்டியவை

கணிதத்தில் ஒரே ஒரு விதி போதும்: x-இன் அடுக்கு n என்றால் அதன் வகைக்கெழு n பெருக்கல் x-இன் அடுக்கு n−1. இரண்டு மாறிகள் இருக்கும்போது ஒன்றை மாறிலியாக வைத்துக்கொண்டு மற்றொன்றுக்கு வகையிடத் தெரிய வேண்டும். அதாவது பகுதி வகையிடல்.

கணக்குக்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஆள் டீக்கும் வடைக்கும் என்று மாதம் 900 ரூபாய் ஒதுக்குகிறார். டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய். மாதத்துக்கு x டீ, y வடை. அவருடைய பயன்பாட்டுச் சார்பு:

```
U = x² y
```

900 ரூபாய் அவருடைய சம்பளம் இல்லை. இந்த இரண்டு பொருளுக்கும் என்று பிரித்து வைத்த தொகை. பாடப்புத்தகம் இதை 'வருமானம்' என்று சொல்லி M என்று குறிக்கும். அந்தச் சொல்லை அப்படியே நம்பி, "மீதிச் சம்பளம் என்ன ஆனது?" என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 2. வரவுசெலவுக் கோட்டை முதலில் வாசியுங்கள்

பலரும் பயன்பாட்டுச் சார்பைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். நான் வரவுசெலவுக் கோட்டில்தான் தொடங்கச் சொல்வேன். ஆசை என்னவாக இருந்தாலும், எது வாங்க முடியும் என்பதை இந்தக் கோடு சொல்லிவிடும். பிறகு வரும் விடை சரியா என்று பார்க்கவும் இதுதான் அளவுகோல்.

```
15x + 10y = 900
```

முழுப் பணத்தையும் டீக்கே செலவழித்தால் 60 டீ. வடைக்கே செலவழித்தால் 90 வடை. x-ஐக் கிடையச்சிலும் y-ஐச் செங்குத்தச்சிலும் வைத்து இந்த இரண்டு முனைகளையும் சேர்த்தால் கோடு கிடைத்துவிடும்.

அதன் சாய்வு −15/10, அதாவது −1.5. இந்த 1.5-க்கு என்ன அலகு? ரூபாய் இல்லை, வடை. ஒரு டீ கூடுதலாகக் குடிக்க வேண்டுமென்றால் ஒன்றரை வடையை விட வேண்டும் என்பதுதான் இதன் பொருள். கடை இவருக்கு விதிக்கும் பரிமாற்ற விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே அடிக்கடி வரும் பிழை, விலை விகிதத்தைத் தலைகீழாக எழுதுவது. செங்குத்தச்சில் வடை இருப்பதால் வடை விலை மேலே வரும் என்று கை தானாக எழுதிவிடும். டீ விலையே மேலே வரும். சந்தேகம் வந்தால் "ஒரு டீக்கு எத்தனை வடை?" என்று கேட்டுப் பாருங்கள். 15 ரூபாயில் 10 ரூபாய் வடை ஒன்றரை கிடைக்கும். இப்படிக் கேட்டால் தப்பவே தப்பாது.

அடுத்து, கோடு எப்படி நகரும் என்று பாருங்கள். டீ 20 ரூபாய் ஆனால் டீ முனை 60-இலிருந்து 45-க்கு வரும். வடை முனை 90-இலேயே நிற்கும், ஏனென்றால் டீயே வாங்காதவருக்கு டீ விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. ஆகவே கோடு வடை முனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே சுழலும். விலைகள் மாறாமல் பணம் மட்டும் 1350 ஆனால் சாய்வு மாறாது, கோடு அப்படியே இணையாக வெளியே போகும். இரண்டு விலையும் பணமும் ஒன்றாக இரட்டித்தால் கோடு அசையவே அசையாது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள், 7-ஆம் படியில் தேவைப்படும்.

சமக்குறி ஏன்? 900-க்குள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்தானே? செலவழிக்கலாம். ஆனால் x²y-இல் இரண்டும் கையில் இருக்கும்வரை எதைக் கூட்டினாலும் பயன்பாடு கூடும். மிச்சம் வைத்த பணத்துக்கு இந்தக் கணக்கில் வேறு பயனும் இல்லை. அதனால் அவர் கோட்டின் மேலேயே நிற்பார்.

## 3. இறுதிநிலைப் பயன்பாடுகளும் அவற்றின் விகிதமும்

x-க்கு வகையிடும்போது y மாறிலி. y-க்கு வகையிடும்போது x மாறிலி.

```
MUx = 2xy
MUy = x²
MUx / MUy = 2y / x
```

கடைசி வரிதான் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். ஒரு டீ கூடுதலாகக் கிடைக்க இவர் மனமுவந்து எத்தனை வடையை விடுவார் என்பதை இது சொல்கிறது. வரவுசெலவுக் கோட்டின் சாய்வும் டீ ஒன்றுக்கு இத்தனை வடை என்ற அதே அலகில்தான் இருந்தது. அதனால்தான் இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

கவனமாகப் படிக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: "MUx = 2xy என்றால் டீ கூடக் கூட டீயின் இறுதிநிலைப் பயன்பாடும் கூடுகிறதே? குறைய வேண்டும் என்றல்லவா படித்தோம்?" நல்ல கேள்வி. இந்தக் கணக்குக்கு இறுதிநிலைப் பயன்பாடு குறைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைய வேண்டியது விகிதம். 2y/x-இல் டீ கூடி வடை குறைந்தால் மேலே உள்ளது சிறுக்கிறது, கீழே உள்ளது பெருகுகிறது, ஆகவே விகிதம் குறைகிறது. சமநோக்கு வளைகோடு மூலப்புள்ளியை நோக்கி வளைந்திருக்க இது போதும்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். x²y-க்கு மடக்கை எடுத்தால் 2 ln x + ln y. இப்போது டீயின் இறுதிநிலைப் பயன்பாடு 2/x, டீ கூடக் கூடக் குறைகிறது. வடைக்கு 1/y. விகிதம் மட்டும் அதே 2y/x. இரண்டு சார்புகளும் கூடைகளை ஒரே வரிசையில் அடுக்குகின்றன. பயன்பாட்டின் எண்மதிப்புக்குத் தனியாகப் பொருள் கிடையாது, வரிசைக்கு மட்டுமே உண்டு. அடுக்குகள் பெரிதாக இருந்து கை வலித்தால் தாராளமாக மடக்கை எடுத்துக்கொண்டு போங்கள்.

## 4. இரண்டு விகிதங்களையும் சமமாக்குங்கள்

```
2y / x = 15 / 10
y = 0.75 x
```

ஏன் சமம்? இவர் ஒரு டீக்கு இரண்டு வடை விடத் தயாராக இருந்து, கடை ஒன்றரை மட்டும் கேட்டால், மாற்றிக்கொண்டு அரை வடை லாபம் பார்ப்பார். மாற்ற மாற்ற விகிதம் குறைந்து 1.5-க்கு வந்ததும் லாபம் தீர்ந்துவிடும், அங்கே நின்றுவிடுவார்.

இறுதிநிலைப் பயன்பாடுகளை நேரடியாகச் சமமாக்கிவிடுவது இங்கே வரும் பெரிய பிழை. MUx = MUy என்று எழுதினால், டீயும் வடையும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டதாக ஆகிவிடும். சமமாக வேண்டியது ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் இறுதிநிலைப் பயன்பாடு: MUx/15 = MUy/10.

## 5. அந்த உறவை வரவுசெலவுக் கோட்டில் வையுங்கள்

y = 0.75x என்பது ஒரு புள்ளி இல்லை, மூலப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஒரு நேர்கோடு. டீயும் வடையும் எந்த விகிதத்தில் வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு என்பதைப் பணம்தான் முடிவுசெய்யும்.

```
15x + 10(0.75x) = 900
22.5x = 900
x = 40,  y = 30
```

செலவைச் சரிபாருங்கள்: டீக்கு 600, வடைக்கு 300, மொத்தம் 900. அப்புறம், இது உண்மையிலேயே உச்சமா என்று பக்கத்துக் கூடைகளைப் பாருங்கள். 40 டீ, 30 வடைக்கு U = 48,000. இரண்டு டீயைக் குறைத்து மூன்று வடையைக் கூட்டினால் 38-உம் 33-உம், U = 47,652. எதிர்ப்பக்கம் 42-உம் 27-உம், U = 47,628. இரண்டு பக்கமும் குறைகிறது. இந்தச் சின்னச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், 9-ஆம் படியில் ஏன் என்று தெரியும்.

லக்ராஞ்சி முறையில் போட்டாலும் இதே விடைதான். அங்கே λ = 160 என்று வரும், ஏனென்றால் 2·40·30/15 = 160, 1600/10 = 160. இன்னும் ஒரு ரூபாய் கொடுத்தால் பயன்பாடு ஏறத்தாழ 160 கூடும் என்று பொருள். ஆனால் மடக்கை வடிவில் அதே λ 1/300 ஆகிவிடும். ஆகவே 160 என்ற எண்ணை வைத்து அவருடைய மகிழ்ச்சியைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

## 6. இப்போது எழுத்தில்: இங்கேதான் தேவைச் சார்பு பிறக்கிறது

15, 10, 900 மூன்றையும் அழித்துவிட்டு px, py, M என்று எழுதுங்கள். படிகள் மாறாது.

```
2y / x = px / py
py·y = px·x / 2
px·x + px·x / 2 = M
x = 2M / (3px)
y = M / (3py)
```

இரண்டாவது வரியில் y-ஐத் தனியாக்காமல் py·y-ஐத் தனியாக்கியிருப்பதைக் கவனியுங்கள். வடைக்கான செலவு டீக்கான செலவில் பாதி என்று அது நேராகச் சொல்லிவிடுகிறது. வரவுசெலவுக் கோட்டில் py·y அப்படியே இருப்பதால் வைத்துக் கூட்டுவதும் எளிது, பின்னத்துக்குள் பின்னம் வராது.

நான் திருத்தும் தாள்களில் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இந்தப் படியில்தான். முதல் வரியிலிருந்து x = 2y·py/px என்று எழுதி, "இதுதான் டீயின் தேவைச் சார்பு" என்று அடிக்கோடு போட்டுவிடுவார்கள். வலப்பக்கம் y இருக்கிறது. y-உம் இவர் தேர்ந்தெடுக்கும் அளவுதான், அதுவும் இன்னும் தெரியாது. தேவைச் சார்பின் வலப்பக்கம் விலைகள், பணம், அடுக்குகள் மட்டுமே இருக்கலாம். அங்கே வேறு பொருளின் அளவு தெரிந்தால் வரவுசெலவுக் கோட்டை இன்னும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம்.

அடுக்குகள் a, b என்று பொதுவாக இருந்தால்:

```
U = x^a y^b
x = a/(a+b) · M/px
```

கீழே a+b இருப்பதை மறந்து x = aM/px என்று மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. அடுக்குகளின் கூட்டல் 1 ஆக இருந்தால்தான் அது சரி. நம் கணக்கில் அப்படிப் போட்டால் டீக்கே 1800 ரூபாய் செலவாகும், கையில் இருப்பதோ 900.

## 7. சார்பிலிருந்து கோடு

M = 900 என்று நிறுத்தினால் x = 600/px. இப்போது விலையை மட்டும் மாற்றுங்கள். டீ 10 ரூபாய் என்றால் 60 டீ, 15 என்றால் 40, 20 என்றால் 30, 30 என்றால் 20. இந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் தேவைக் கோடு.

இதை வரவுசெலவுக் கோடு வரைந்த படத்திலேயே வரையப் பார்ப்பவர்கள் உண்டு. முடியாது, அச்சுகளே வேறு. அங்கே டீயும் வடையும், இங்கே டீயின் அளவும் டீயின் விலையும். மேலே ஒரு படம், அதன் நேர் கீழே இன்னொரு படம், இரண்டுக்கும் கிடையச்சு டீ என்று வரைந்தால் நல்லது. மேலே வரவுசெலவுக் கோடு சுழலச் சுழல, தொடும் புள்ளியிலிருந்து ஒரு செங்குத்துக் கோட்டைக் கீழே இறக்கி, அந்த விலைக்கு நேரே புள்ளி வையுங்கள். கீழ்ப்படத்தில் விலை செங்குத்தச்சில் இருப்பது பழைய வழக்கம், அதற்கேற்ப px = 600/x என்று திருப்பி எழுதிக்கொண்டால் வரைய வசதி.

M மாறினால் கோடே நகரும். 1350 ரூபாய் என்றால் x = 900/px, 15 ரூபாய் விலையில் 60 டீ. டீயின் விலை மாறினால் அதே கோட்டில் நகர்வு, பணம் மாறினால் கோட்டின் இடப்பெயர்ச்சி. இந்த வேறுபாட்டைத் தேர்வில் வார்த்தையாக எழுதுவது எளிது, ஆனால் சார்பில் M எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்தவர்தான் அதை மறக்கமாட்டார்.

கடைசியாக ஒரு சோதனை. px, py, M மூன்றையும் இரட்டியுங்கள். 2M/(3px) மாறாது. 2-ஆம் படியில் கோடு அசையவில்லை அல்லவா, அதே செய்திதான் இது. உங்கள் தேவைச் சார்பு இந்தச் சோதனையில் மாறினால் இயற்கணிதத்தில் எங்கோ தவறு.

கிடைத்த விடையின் குணத்தையும் பாருங்கள். எந்த விலையிலும் டீக்கான செலவு 600 ரூபாய்தான். டீ 5 ரூபாய் ஆனாலும் 60 ரூபாய் ஆனாலும் 600. அதாவது தேவை நெகிழ்ச்சியின் அளவு எங்கும் 1. வடை விலை சார்பிலேயே இல்லை, வடை எவ்வளவு ஏறினாலும் இவர் டீயைத் தொடமாட்டார். பணம் எவ்வளவு கூடினாலும் டீக்கு மூன்றில் இரண்டு பங்கு. வருமானம் உயர உயர உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது என்று 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் காட்டியதை இந்த வடிவத்தால் பிடிக்கவே முடியாது. மூன்றும் மனிதனைப் பற்றிய கண்டுபிடிப்புகள் என்று எழுதிவிடாதீர்கள். x²y என்ற வடிவத்தை நாம் தேர்ந்தெடுத்ததால் வந்தவை.

## 8. அடுக்கு இருக்கிறது என்பதற்காகப் பழைய சூத்திரத்தைப் போடாதீர்கள்

அதே ஆளுக்கு இப்படி ஒரு சார்பு என்று வைத்துக்கொள்வோம்:

```
U = √x + √y
```

இங்கேயும் அடுக்குகள்தான், இரண்டும் 1/2. உடனே பங்கு பாதி பாதி என்று சூத்திரத்தை எடுப்பார்கள். தவறு. அந்தச் சூத்திரம் பெருக்கலுக்கு உரியது, இங்கே கூட்டல். சூத்திரத்தை விட்டு படிகளைப் பிடியுங்கள்:

```
√(y/x) = px/py
y = x·(px/py)²
x = M·py / (px·(px + py))
```

15, 10, 900 வைத்தால் 24 டீ, 54 வடை. செலவு 360-உம் 540-உம். இப்போது வலப்பக்கம் py வந்துவிட்டது. டீ 10 ரூபாய்க்கு இறங்கினால் 45 டீ, டீக்கான செலவு 450. விலை இறங்கியபோது செலவு கூடியிருக்கிறது, ஆகவே நெகிழ்ச்சி 1-க்கு மேல். வடை விலை ஏறினால் டீ கூடும். இவருக்கு டீயும் வடையும் ஒன்றுக்கொன்று பதிலி. இரண்டு விலையும் பணமும் இரட்டிக்கும் சோதனை இங்கேயும் நிற்கிறது, போட்டுப் பாருங்கள்.

## 9. தொடும் புள்ளியே ஏமாற்றும் இடம்

இப்போது U = x² + y². படிகளை அப்படியே செய்தால் x/y = 1.5, x = 1.5y. கோட்டில் வைத்தால் 32.5y = 900, y ஏறத்தாழ 27.7, x ஏறத்தாழ 41.5. செலவு சரியாக 900. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

U-ஐக் கணக்கிட்டால் சுமார் 2,492. 5-ஆம் படியின் பக்கத்துக் கூடைச் சோதனையைச் செய்தால், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் U கூடுகிறது. முனைகளுக்கே போய்ப் பாருங்கள்: 60 டீ மட்டும் வாங்கினால் 3,600, 90 வடை மட்டும் வாங்கினால் 8,100. நாம் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த புள்ளி, அந்தக் கோட்டிலேயே மிக மோசமான புள்ளி.

காரணம் 3-ஆம் படியில் இருக்கிறது. இங்கே பதிலீட்டு வீதம் x/y, டீ கூடக் கூட அதுவும் கூடுகிறது. சமநோக்கு வளைகோடு வெளிப்பக்கம் புடைத்திருக்கிறது. இப்படிப்பட்டவர் கலந்து வாங்கமாட்டார், எது மலிவோ அதை மட்டும் வாங்குவார்.

ஆகவே சமன்பாட்டைத் தீர்ப்பதை விட்டு இரண்டு முனைகளையும் ஒப்பிட வேண்டும். டீ முனையில் U = (M/px)², வடை முனையில் (M/py)². வடை 10 ரூபாயாக இருக்கும்போது, டீ 10-க்கு மேல் இருக்கும்வரை டீயின் தேவை சுழியம். சரியாக 10 ஆனால் எந்த முனையானாலும் அவருக்கு ஒன்றுதான்: 90 டீ அல்லது ஒன்றுமில்லை. 10-க்குக் கீழே இறங்கினால் x = 900/px. தேவைக் கோடு தொடர்ச்சியாக இறங்காமல் ஓரிடத்தில் சுழியத்திலிருந்து 90-க்குத் தாவுகிறது. வரையும்போது அந்த இடைவெளியைக் கோடு போட்டு இணைத்துவிடாதீர்கள். நடுவில் உள்ள எந்த அளவையும் அவர் எந்த விலையிலும் வாங்குவதில்லை.